ஒன்பது போட ஆளில்லாத படம்

வெள்ளிக்கிழமை காலை, மாரத்தஹள்ளி பக்கம் ஏதோ ஒரு ஆபீஸ் கேன்டீன். "மச்சி, 9.5 காட்டுது, நைட் ஷோ போட்டுடலாமா?" என்று யாராவது கேட்டால், அந்த 9.5 மேல் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். ஐஎம்டிபி போன்ற தளங்களில் 1 முதல் 10 வரை ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எத்தனை ஓட்டு என்ற பட்டை வரைபடம் விரியும். சங்கதி அங்கேதான் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. மொத்தம் 1000 ஓட்டு. 10 போட்டவர்கள் 890 பேர், 1 போட்டவர்கள் 30 பேர், இடையில் 2 முதல் 9 வரை 80 பேர். சராசரி 9.5. இதில் 9 போட்டவர்களை மட்டும் எண்ணினால் 15 பேர்தான். பத்துக்கும் ஒன்பதுக்கும் இடையே கிட்டத்தட்ட அறுபது மடங்கு பள்ளம்! படம் உண்மையிலேயே பிரமாதமாக இருந்தாலும், "இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை" என்று 9, 8 போடுகிறவர்கள் கணிசமாக இருப்பார்கள். கூட்டம் சேர்ந்து ஏற்றிவிட வருபவர் 9 போட மாட்டார். அது அவருக்கு வீண் ஓட்டு.

அடிக்க வருபவரும் அப்படித்தான். படம் பிடிக்காமல் வெளியே வந்தவர் 2, 3, 4 என்று பிரிந்து போடுவார். திட்டம் போட்டு வருபவர் நேராக 1.

சரி, இப்போது எதிர் ரசிகர்கள் கிளம்பி 700 பேர் 1 போடுகிறார்கள் என்று வையுங்கள். சராசரி 6.0க்கு இறங்கிவிடும். பார்க்க நியாயமான மதிப்பெண் போலவே இருக்கும், ஆனால் இரண்டு பொய்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட மிச்சம் அது. இடையிலிருக்கும் 80 பேரின் சராசரி மட்டும் அசையாமல் 7.2 ஆகவே நிற்கும். அதற்காக அதுதான் உண்மையான மதிப்பெண் என்று சொல்ல முடியாது. மனதார 10 போட்டவர்களும் இருப்பார்களே, அவர்களையும் சேர்த்துத்தானே தள்ளிவிட்டோம்?

ஆகவே நேரத்தையும் பார்க்க வேண்டும். ஓசூரிலிருந்து வண்டி கட்டி வந்து பெங்களூரில் காலை 6 மணிக் காட்சி பார்ப்பவர்கூட எட்டரைக்கு முன்னால் வெளியே வர முடியாது. ஆறே முக்காலுக்கே விமர்சனங்கள் குவிந்திருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் அமெரிக்காவில் முந்தைய நாள் மாலையே பிரீமியர் போட்டிருந்தால், நமக்கு விடியும் நேரத்தில் அங்கே படமே முடிந்திருக்கும். அதைச் சரிபார்க்காமல் முத்திரை குத்தக் கூடாது. அப்புறம், விமர்சகரின் பெயரைத் தட்டினால் அவர் எழுதிய மற்றவையும் தெரியும். வரிசையாகப் பலருக்கும் இது ஒன்றே விமர்சனம் என்றால் சந்தேகம் வலுக்கிறது.

ஐஎம்டிபி நேர் சராசரியைக் காட்டுவதில்லை; ஓட்டுகளுக்கு வெவ்வேறு எடை கொடுக்கிறது. அந்தக் கணக்கை வெளியே சொல்வதில்லை, சொன்னால் அதையும் ஏமாற்றிவிடுவார்கள். வழக்கத்துக்கு மாறான ஓட்டுப்பதிவைக் கண்டால் வேறு எடைமுறைக்கு மாறி, மதிப்பெண்ணோடு அறிவிப்பும் போடுகிறது. ஆனால் காசு வாங்கிப் போட்ட ஓட்டா, தலைவர் மேல் உள்ள வெறியில் போட்டதா என்பதை எந்தப் பட்டை வரைபடமும் பிரித்துக் காட்டாது.