தினசரிச் சராசரியை நம்பி ஓர்டரைப் பிரிக்காதீர்கள்

பெரிய ஓர்டரை ஒரேயடியாகப் போட்டால் விலை ஏறிவிடும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். “துண்டு துண்டாகப் போடுங்கோ தம்பி” என்று வாடிக்கையாளரே சொல்கிறார். சரி, எத்தனை துண்டு? ஒவ்வொன்றும் எவ்வளவு? எத்தனை நாளுக்கு? கொழும்புச் சந்தையின் நடுத்தரப் பங்குகளில் காசு கரைவது பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்கு அவசரமாகப் பதில் சொல்லும்போதுதான். புரோக்கர் மேசையில் இருந்து பார்த்த ஒரு ஓர்டரை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் பங்கின் பெயரைச் சொல்லவில்லை, எண்களையும் மாற்றியிருக்கிறேன்.

புறக்கோட்டையில் உள்ள ஒரு வியாபார நிறுவனத்தின் தனியார் சேமலாப நிதி. அதன் அறங்காவலர் ஒருவருக்கு 48 ரூபா அளவில் நிற்கும் ஒரு பங்கில் 6 லட்சம் வாங்க வேண்டும். ஏறத்தாழ 29 மில்லியன் ரூபா. கையில் ஒரு தாளோடு வந்தார். கடந்த 20 வர்த்தக நாட்களில் அந்தப் பங்கு 42 லட்சம் கைமாறியிருக்கிறது, நாளுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம்.

“ஒரு நாளைக்கு ரெண்டு லட்சம் ஓடுதே தம்பி, அதில கால்வாசி நாங்கள் வாங்கினா ரெண்டரைக் கிழமையில முடிஞ்சிடும்.”

“ஐயா, அந்த ரெண்டு லட்சம் உண்மையில ஓடேல்ல” என்றேன்.

அந்த 20 நாளில் இரண்டு நாள் குரோசிங் நடந்திருந்தது. ஒன்று 12 லட்சம், மற்றது 8 லட்சம். குரோசிங் என்றால் விற்பவரும் வாங்குபவரும் முன்கூட்டியே பேசி முடித்து, புரோக்கர் வழியாகச் சந்தையில் பதியும் பெரிய கைமாற்றம். அது நாளின் மொத்தக் கணக்கில் சேரும். ஆனால் திரையில் விலைக்கு நின்ற எவரும் அதில் ஒரு பங்குகூட வாங்கியிருக்க முடியாது. அந்த 20 லட்சத்தைக் கழித்தால் மிச்சம் 22 லட்சம், நாளுக்கு 1 லட்சத்து 10 ஆயிரம். அதிலும் ஏதோ செய்தி வந்து சூடுபிடித்த நாட்கள் இரண்டு மூன்று இருந்தன. நாட்களை வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணைப் பார்த்தேன், 85 ஆயிரம். இந்தப் பங்கின் ஒரு சாதாரண நாள் அவ்வளவுதான்.

அறங்காவலரின் கணக்குப்படி நாளுக்கு 52,500 வாங்க வேண்டும். 85 ஆயிரம் ஓடும் நாளில் அது கால்வாசி இல்லை, பாதிக்கும் மேல். ஒரு நாளில் நடக்கும் வியாபாரத்தில் பாதிக்கு மேல் நீங்களே என்றால், எவ்வளவு சின்னத் துண்டாக வெட்டினாலும் சந்தைக்குத் தெரிந்துவிடும். துண்டு போடும் முறையைப் பற்றி யோசிக்கும் முன் இந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். குரோசிங்கைக் கழித்து, சராசரிக்குப் பதில் நடு எண்ணை எடுங்கள்.

அப்படி எடுத்தால் கால்வாசிக் கணக்கில் நாளுக்கு 21 ஆயிரம் சொச்சம். 6 லட்சம் வாங்க 28 வர்த்தக நாள். இடையில் போயாவும் மற்ற விடுமுறைகளும் வந்தால் ஆறு கிழமைக்கும் மேல்.

இழுத்துக்கொண்டே போவதும் இலவசமில்லை. ஒரு நாளில் 2 சதவீதம் அசையும் பங்கு, 28 நாளில் 10 சதவீதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவதில் ஆச்சரியமில்லை. நாள் கூடக் கூட அசைவு அதே விகிதத்தில் கூடாது, அதன் வர்க்கமூலத்தில் கூடும். 28இன் வர்க்கமூலம் 5.3. ஆக ஒரு பக்கம் அவசரத்தின் விலை, மறுபக்கம் காத்திருப்பின் விலை. எந்த மென்பொருளும் இந்த இரண்டையும் ஒன்றாக இல்லாமல் செய்யாது, எங்கே நிற்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அவசரத்தின் விலை எவ்வளவு என்று திரையைக் காட்டினேன். வாங்க நின்றவர்களில் மேலே 47.80. விற்க நின்றவர்கள்: 48.00இல் 3,200, 48.10இல் 1,500, 48.20இல் 4,000, 48.50இல் 10,000, 48.90இல் 6,000, 49.00இல் 25,000. 40 ஆயிரத்துக்கு ஒரு மார்க்கெட் ஓர்டர் போட்டால் ஐந்து படியையும் துடைத்துவிட்டு 49.00இல் 15,300 எடுக்கும். சராசரி 48.67 ரூபா. வாங்குபவரின் 47.80க்கும் விற்பவரின் 48.00க்கும் நடுவிலை 47.90. வித்தியாசம் 77 சதம், அதாவது 1.6 சதவீதம். 100 மில்லியனுக்குட்பட்ட கொடுக்கல்வாங்கலுக்கு எல்லாக் கட்டணமும் சேர்த்து 1.12 சதவீதம். அதைப் பற்றி எல்லோரும் முணுமுணுப்பார்கள். அதைவிடப் பெரிய இந்தச் செலவு எந்த பில்லிலும் வராது, ஆகவே யாரும் முணுமுணுப்பதில்லை. கட்டணம் சதவீதக் கணக்கு என்பதால் ஓர்டரைப் பிரித்தால் அது கூடவும் போவதில்லை.

அந்த 40 ஆயிரத்தில் 1,500ஐ மட்டும் 48.00இல் எடுத்துவிட்டுக் காத்திருந்தால் என்ன நடக்கும்? படி முழுதாகக் காலியாகவில்லை, ஆகவே விலை நகரவில்லை. விற்க நினைத்தவர் யாரோ மறுபடி 48.00இல் வந்து நிற்பார். திரையில் தெரிவது விற்பவர்கள் எல்லோரும் இல்லை; பலர் விலையைப் பார்த்த பிறகுதான் வருவார்கள், அவர்கள் வருவதற்கு நேரம் வேண்டும். துண்டு போடுவதில் கிடைக்கும் லாபம் முழுவதும் இதுதான். ஒரு படியில் நிற்பதில் பாதிக்கு மேல் எடுக்காதே என்பது எங்கள் மேசையின் பழக்கம்.

அடுத்தது நேரம். சந்தை 9.30க்குத் திறந்து 2.30க்கு மூடுகிறது, 300 நிமிடம். 15 நிமிடத்துக்கு ஒன்றாக 20 சம துண்டு போடலாம். ட்வாப் என்று இதற்குப் பெயர். மென்பொருளாக எழுத எளிது, பிழையும் குறைவு. பெரிய பங்குகளில் பரவாயில்லை. நடுத்தரப் பங்கில் மணியடித்தது போல் வரும் ஓர்டரை இரண்டு மணி நேரத்துக்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த ஓர்டரின் முதல் நாளே அது நடந்தது. காலையில் ஒரு சகா 15 நிமிடத்துக்கு 1,000 என்று சீராகப் போட்டுக்கொண்டிருந்தார். 10.44க்கு 48.00இல் நின்ற 2,500 திடீரென்று மறைந்தது, 48.20இல் அதே 2,500 தோன்றியது. சகாவிடம் 10.45 துண்டைப் போடவேண்டாம் என்றேன். எதுவும் நடக்கவில்லை. 10.52க்கு அந்த 2,500 மறுபடி 48.00க்கு இறங்கி வந்தது. எதிரே இருந்தவர் எங்களுக்காகத்தான் விலையை ஏற்றி வைத்துக் காத்திருந்திருக்கிறார்.

அப்புறம் இடைவெளியை 6 நிமிடத்திலிருந்து 25 நிமிடம் வரையும், அளவை 600இலிருந்து 2,200 வரையும் ஒழுங்கில்லாமல் மாற்றினோம். சில துண்டுகளை விற்பவரிடம் போய் எடுக்காமல் 47.80, 47.90இல் நிறுத்தி, விற்பவர் எங்களிடம் வரும்படி விட்டோம். முக்கியமாக ஒரு விதி: அரை மணி நேரமாக வேறு யாருமே வியாபாரம் செய்யவில்லை என்றால் நாங்களும் செய்வதில்லை.

இங்கேதான் பலருடைய திட்டம் கெடுகிறது. துண்டுகள் தவறிப்போனால் மிச்சத்தை நாள் முடிவுக்குள் பிடித்துவிட வேண்டும் என்ற அமைப்போடு ஓர்டர் ஓடும். பகலெல்லாம் பொறுமையாக இருந்த ஓர்டர் 2.20க்குப் பசியோடு எழும்பி, பத்து நிமிடத்தில் தவறிப்போன 12 ஆயிரத்தையும் விழுங்கும். அன்று முழுவதும் மிச்சம் பிடித்தது அந்தப் பத்து நிமிடத்தில் போய்விடும். அதைவிட மோசம், மூடும் நேரத்தில் விலையைத் தூக்கியது போல் ஒரு தோற்றம் வரும். விலையை நிர்ணயிக்கப் பார்த்தீர்களா என்று ஒழுங்குமுறை அதிகாரிகள் கேட்டால் பதில் சொல்வது சிரமம். வாங்க முடியாத மிச்சம் நாளைக்குப் போகட்டும். அன்றைக்கு இதற்கு மேல் வாங்குவதில்லை என்ற விலை ஒன்றையும் காலையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு துண்டுக்கும் 15 நிமிடம் கழித்து நடுவிலையைக் குறிப்போம். பழைய இடத்துக்குத் திரும்பினால் நாம் ஏற்படுத்திய அசைவு தற்காலிகமானது, அந்த வேகத்திலேயே போகலாம். துண்டுக்குத் துண்டு 10 சதம் ஏறி, திரும்பாமல் நின்றால், ஒன்றில் சந்தையே ஏறுகிறது அல்லது நம்மைப் படித்துவிட்டார்கள். அதே துறையின் மற்றப் பங்குகள் அசையாமல் இருந்தால் இரண்டாவதுதான். ஒரு நாள் முழுக்க விலகி நிற்பதே நல்லது.

புரோக்கர்கள் தரும் அறிக்கையில் வழக்கமாக வருவது வீவாப், அதாவது அன்றைய அளவால் எடைபோட்ட சராசரி விலை. நடுத்தரப் பங்கில் இதை நான் நம்புவதில்லை. அன்று மொத்தம் 40 ஆயிரம் ஓடி, அதில் 30 ஆயிரம் நீங்கள் வாங்கியது என்றால், அந்தச் சராசரியே பெரும்பாலும் நீங்கள்தான். “சந்தைச் சராசரியிலேயே வாங்கித் தந்தோம்” என்று எழுதுவது பொய்யில்லை, ஆனால் ஒன்றையும் சொல்லவும் இல்லை. ஓர்டர் கைக்கு வந்த நிமிடத்து நடுவிலையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வாங்காமல் விட்ட பங்குகளையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

28 நாள் நீண்டது என்று அறங்காவலர் நினைத்தார், நியாயம்தான். ஆகவே முதல் நாள் அனுபவத்துக்குப் பிறகு, விலை மேலே நகரும் முன்பே, பெரிய அளவில் விற்க விரும்புகிறவர் இருக்கிறாரா என்று பார்த்தோம். ஒரே ஒரு இடத்தில்தான் கேட்டோம்; நாலு புரோக்கரிடம் கேட்டால் செய்தி ஊரெல்லாம் போய்விடும். 3 லட்சம் 48.80க்கு ஒரேயடியாகப் பேசி முடிந்தது. மிச்சம் துண்டுகளாக, 50 ரூபாவுக்கு மேல் வாங்குவதில்லை என்ற எல்லையோடு.

2 லட்சத்து 62 ஆயிரம் சராசரி 48.70க்குக் கிடைத்தது. கடைசி 38 ஆயிரம் கிடைக்கவில்லை, விலை 50.20க்குப் போய்விட்டது. தொடக்க நடுவிலை 47.90இலிருந்து கணக்குப் பார்த்தால், வாங்கியதில் 4 லட்சத்து 79,600 ரூபா, வாங்காமல் விட்டதில் 87,400 ரூபா. மொத்தம் 5 லட்சத்து 67 ஆயிரம், ஓர்டரின் பெறுமதியில் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கட்டணத்துக்குக் கீழே ஒரு வரியாக இதையும் அறங்காவலருக்கு எழுதிக் கொடுத்தோம்.