வட்டி ஏறியும் விலை ஏன் இறங்கவில்லை? 2022ஐ மொத்தக் கேள்வி – மொத்த நிரம்பல் வரைபடத்தில் வாசித்தல்

இலங்கை மத்திய வங்கி 2022 ஏப்ரல் 8ஆம் திகதி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. துணைநில் வைப்பு வசதி வீதம் 13.50 ஆகவும், துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் 14.50 ஆகவும் ஆயின. ஐந்து மாதங்கள் கழித்து, செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் வழியான பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. வட்டியை உயர்த்தினால் விலை குறையும் என்றுதானே புத்தகம் சொல்கிறது, பிறகு ஏன் இப்படி ஆனது என்று உயர்தர மாணவர்களும் அவர்களது பெற்றோரும் இன்றுவரை என்னிடம் கேட்பதுண்டு. வரைபடத்தில் தவறில்லை, அதை வாசிக்கும் முறையில்தான் தவறு இருக்கிறது.

முதலில் அச்சுகளைப் பார்ப்போம். கிடை அச்சில் மெய் மொத்த உள்நாட்டு உற்பத்தி, நிலைக்குத்து அச்சில் பொது விலை மட்டம். ஒவ்வொரு விலை மட்டத்திலும் நாட்டில் எவ்வளவு வாங்க விரும்புகிறார்கள் என்பதைக் கீழே சரியும் மொத்தக் கேள்வி வளையியும், எவ்வளவு உற்பத்தி செய்து விற்க விரும்புகிறார்கள் என்பதை மேலே ஏறும் மொத்த நிரம்பல் வளையியும் காட்டுகின்றன. நிலைக்குத்து அச்சில் பணவீக்கம் என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். விலை மட்டம் என்பது ஏறி நிற்கும் உயரம். பணவீக்கம் ஏறுகின்ற வேகம். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் 2022ஐ இந்த வரைபடத்தில் வாசிக்கவே முடியாது.

அடுத்தது, எந்த வளையி நகர்கிறது என்பது. விலை மட்டம் உயர்வதால் மக்களுக்குப் பணம் அதிகம் தேவைப்பட்டு, அதன் விளைவாக வட்டி ஏறினால், அது மொத்தக் கேள்வி வளையியின் வழியே நடக்கும் நகர்வு. மத்திய வங்கி தன் முடிவால் வட்டியை உயர்த்தும்போது, எந்த விலை மட்டத்தை எடுத்துக்கொண்டாலும் முன்னிலும் குறைவாகவே செலவிடப்படும். ஆகவே முழு வளையியும் இடப்பக்கம் பெயர்கிறது. வணிகர்களுக்கு வட்டியும் ஒரு செலவுதானே என்று சொல்லி நிரம்பல் வளையியை நகர்த்துவோரும் உண்டு. ஓவர்டிராப்டில் சரக்கு வாங்கும் கடைக்காரரைப் பொறுத்தவரை அது உண்மைதான்; ஆனால் அது பக்க விளைவு. அதை மட்டும் வரைந்தால் வட்டி உயர்வு விலையை ஏற்றும் என்ற முடிவுக்கே வருவோம்.

செலவு எவ்வாறு குறைகிறது என்பதை ஒரு வீட்டுக் கடனில் பார்க்கலாம். 50 இலட்சம் ரூபாயைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பத்து சதவீத வட்டியில் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 53,700 ரூபாய். இருபது சதவீதமானால் ஏறத்தாழ 87,800 ரூபாய். வீடு கட்ட நினைத்தவர் திட்டத்தைத் தள்ளிப்போடுகிறார், மேசனுக்கும் சீமெந்துக் கடைக்கும் வேலை குறைகிறது, கையில் பணமுள்ளவரோ அதை நிலையான வைப்பில் போட்டுவிடுகிறார். உயர்ந்த வட்டி வெளிநாட்டு முதலை ஈர்த்து நாணயத்தை வலுப்படுத்தும் என்ற வழியும் பாடநூலில் உண்டு. ஆனால் 2022 ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியதாக அறிவித்த பிறகு, அந்த வழி அப்போதைக்குப் பெரிதாகப் பயன்படவில்லை.

இனி இலகுவான எண்களைக் கொண்டு வரைவோம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்தவை, நாட்டின் புள்ளிவிபரமல்ல. விலை மட்டம் P, வெளியீடு Y. மொத்தக் கேள்வி P = 200 − Y, குறுங்கால மொத்த நிரம்பல் P = Y என்றால், இரண்டும் வெட்டும் ‘அ’ புள்ளியில் இரண்டின் பெறுமதியும் 100. இரசாயன உர இறக்குமதிக்கு 2021இல் விதித்த தடை, எரிபொருள் தட்டுப்பாடு, சில வாரங்களில் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது ஆகிய மூன்றும் நிரம்பல் வளையியை மேலே தூக்கின. அதை P = Y + 60 என்று வைத்தால், ‘ஆ’ புள்ளியில் வெளியீடு 70, விலை 130. வட்டியைத் தொடும் முன்னரே உற்பத்தி விழுந்து விலை ஏறிவிட்டது. இப்போது வட்டி உயர்வு கேள்வி வளையியை P = 180 − Y ஆக்குகிறது. புதிய ‘இ’ புள்ளியில் வெளியீடு 60, விலை 120.

விலையில் பத்துக் குறைய வெளியீட்டிலும் பத்து போயிற்று. இந்த விகிதம் நிரம்பல் வளையியின் சரிவைப் பொறுத்தது. அதே ‘ஆ’ புள்ளியின் ஊடாக மூன்று மடங்கு செங்குத்தான வளையியை, P = 3Y − 80 என, வரைந்தால் வெளியீடு 65, விலை 115; அதாவது சிறிய உற்பத்தி இழப்புக்குப் பெரிய விலைத் தணிவு கிடைக்கிறது. வளையி தட்டையானால் நிலைமை தலைகீழாகும். பரீட்சையில் சரிவைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் “வெளியீடும் விலையும் குறையும்” என்று முடிப்பவர், மத்திய வங்கி எதிர்நோக்கும் கடினமான பகுதியையே விட்டுவிடுகிறார்.

நிஜத்தில் விலை 130இலிருந்து 120க்கு இறங்கவில்லையே என்பார்கள். ‘ஆ’வையும் ‘இ’யையும் நேற்று, இன்று என்று வாசிப்பதால் வரும் குழப்பம் இது. வட்டியை உயர்த்தாது விட்டிருந்தால் விலை எங்கே போயிருக்கும், உயர்த்தியதால் எங்கே நின்றது என்ற ஒப்பீட்டையே அவை காட்டுகின்றன. 2021 செப்டெம்பரில் 100 ரூபாயான கூடை, 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 170 ரூபாய். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கியபோது அந்தக் கூடை ஏறத்தாழ 172 ரூபாய். (இடையில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு மாறியதால் இது தோராயக் கணக்கே.) ஏற்றம் நின்றது, ஏறிய உயரம் நின்றபடியே இருந்தது. சந்தைக்குப் போனவருக்கு நிம்மதி கிடைக்காததும், மத்திய வங்கி வெற்றி என்று சொன்னதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன.

அந்த இறக்கத்தின் முழுப் பெருமையையும் வட்டிக்குக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரே காலத்தில் பெறுமதி சேர் வரி 8 சதவீதத்திலிருந்து 12க்கும் பின் 15க்கும் ஏறி, மக்களின் கையிருப்பைக் குறைத்து, கேள்வி வளையியை மேலும் இடப்பக்கம் தள்ளியது. எரிபொருளும் உரமும் திரும்பி வந்து, 2023இல் ரூபாயும் ஓரளவு தேறியபோது நிரம்பல் வளையி வலப்பக்கம் திரும்பியது. எந்த வளையி பெயர்ந்தது என்பதை அறிய இரண்டு அச்சுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். விலையின் ஏற்றம் தணியும்போது உற்பத்தியும் சுருங்கினால் கேள்வி குறைந்திருக்கிறது. உற்பத்தி வளர்ந்தால் நிரம்பல் மீண்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில், தொடர்ந்து சுருங்கிவந்த பொருளாதாரம் வளர்ச்சிக்குத் திரும்பியது. பணவீக்கமும் அப்போது இறங்கிக்கொண்டிருந்ததால், அந்தக் கட்டத்தில் நிரம்பல் வளையியின் பங்கு பெரிது என்பதே என் வாசிப்பு.

2023 ஜூன் 1இல் மத்திய வங்கி வீதங்களை 2.5 சதவீதப் புள்ளிகளால் குறைத்ததையும் இதே படத்தில் வரையலாம். நீண்டகால நிரம்பலைக் காட்டும் செங்குத்துக் கோட்டை 100இல் வைத்துப் பாருங்கள். பொருளாதாரம் அதற்கு வெகு இடப்பக்கத்தில் இருந்தது. தொழிற்சாலைகளும் ஆட்களும் வேலையின்றிக் கிடக்கும் அந்தப் பகுதியில் நிரம்பல் வளையி தட்டையாகவே இருக்கும். ஆகவே கேள்வி வளையி வலப்பக்கம் பெயரும்போது அதன் பலனில் பெரும்பங்கு வெளியீட்டுக்கும் சிறுபங்கு விலைக்கும் போகும். செங்குத்துக் கோட்டை நெருங்க நெருங்க அந்தப் பங்கீடு மாறிக்கொண்டே வரும்; எந்த இடத்தில் மாறத் தொடங்குகிறது என்பதைப் படம் சொல்லாது, அதை உற்பத்தித் தரவுகளிலிருந்துதான் கணிக்க வேண்டும்.