வெறும் பதினொரு லட்சம்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் வார்ப்புப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்துக்காக, சென்ற ஆண்டு ஒரு பரிந்துரைக் குறிப்பு எழுதினேன். ஒரே பக்கம்தான். முதல் வரியிலேயே "இந்த விரிவாக்கத்தை இப்போதைய வடிவில் ஏற்க வேண்டாம்" என்று இருந்தது. இரண்டாவது வரி, நிகர இன்றைய மதிப்பு, அதாவது வரப்போகும் பணத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து செலவைக் கழித்தால் மிஞ்சுவது, மைனஸ் 11 லட்சம் என்றது. திட்டத்தின் மொத்தச் செலவோ 6 கோடி.

அதைப் படித்த தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தம்பி, ஆறு கோடியில் பதினொரு லட்சம் ஒரு கணக்கா? கரிசல் மண் என்று அஸ்திவாரத்துக்கே அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார் கான்ட்ராக்டர்" என்றார். நியாயமான கேள்விதான். இப்படி விளிம்பில் நிற்கும் கணக்குகளில்தான் நிறுவனங்கள் அதிகம் தடுமாறுகின்றன என்பது என் அனுபவம். பெரிய நஷ்டத்தைக் காட்டும் திட்டத்தைக் கைவிட யாருக்கும் ஆலோசகர் தேவையில்லை.

கணக்கு இதுதான். கொட்டகைக்கும் புதிய பிரஸ்களுக்கும் 5.40 கோடி. எட்டு ஆண்டுகளுக்கு, வரி போக, ஆண்டுக்கு 1.18 கோடி கையில் நிற்கும். அவர்கள் எதிர்பார்க்கும் வருவாய் வீதம் 13 சதவீதம். அந்த வீதத்தில் எட்டு ஆண்டு வரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 5.66 கோடி. அதாவது 26 லட்சம் லாபம். தலைவரின் மகன் தயாரித்திருந்த தாளில் இந்த எண்தான் பச்சை நிறத்தில் இருந்தது.

அதில் ஒன்று விடுபட்டிருந்தது. புதிய பிரஸ்கள் ஓடினால் மாதம் 40 லட்சத்துக்குக் கூடுதல் விற்பனை. கேரளத்திலிருந்து வரும் ரப்பர் ஷீட்டுக்குப் பணத்தை உடனே கட்டியாக வேண்டும். பாகங்களை வாங்கும் நிறுவனமோ நிதானமாகத்தான் கொடுக்கும். சரக்கும் வசூலும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை மாதப் பணம் எப்போதும் வெளியே நிற்கும். அது 60 லட்சம்; 5.40 கோடியோடு இதையும் சேர்த்தால்தான் மொத்தச் செலவு 6 கோடி. "அந்தப் பணம் எங்கே போகிறது, கடைசியில் திரும்பி வந்துவிடுமே" என்றார் மகன். வரும்தான். ஆனால் எட்டு ஆண்டு கழித்து வரும் ஒரு ரூபாய்க்கு, 13 சதவீதத்தில் இன்றைய மதிப்பு 37 பைசாவுக்குச் சற்று மேல். இன்று போகும் 60 லட்சம், திரும்பும்போது இன்றைய மதிப்பில் 23 லட்சம்கூட இல்லை. இடையில் கரைந்த 37 லட்சம், 26 லட்சம் லாபத்தை விழுங்கிவிட்டு மைனஸ் 11-ல் வந்து நிற்கிறது. நடைமுறை மூலதனத்தை மறப்பது இந்தப் பகுதித் தொழிற்சாலைகளில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. கட்டடமும் இயந்திரமும் கண்ணுக்குத் தெரிகின்றன. வராத பில் தெரிவதில்லை.

அடுத்து இன்னொரு இயக்குநர் கேட்டார். "இந்தத் திட்டம் ஆண்டுக்கு 12.5 சதவீதம் ஈட்டுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வங்கி வட்டி 10.5. பிறகு எப்படி நஷ்டம்? வங்கியே கடனுக்குச் சம்மதித்துவிட்டதே?"

வங்கி பார்ப்பது வேறு. 3 கோடி கடனுக்கு ஏழு ஆண்டுத் தவணை, ஆண்டுக்குச் சுமார் 63 லட்சம். திட்டத்திலிருந்து வருவது 118 லட்சம். தன் பணம் திரும்பும் என்று தெரிந்ததும் வங்கிக்குக் கையெழுத்துப் போடத் தடையில்லை. மீதி 3 கோடி பங்குதாரர்களுடையது. அது போதுமான அளவு ஈட்டுகிறதா என்பது வங்கியின் கவலை அல்ல. வட்டிக்குக் கிடைக்கும் வரிச்சலுகையைக் கழித்தால் கடனின் உண்மைச் செலவு 8 சதவீதத்துக்குச் சற்றுக் கீழ். சொந்தப் பணத்துக்கு 18 சதவீதம் வேண்டும் என்று இதே மேசையில்தான் முடிவு செய்தார்கள். பாதிக்குப் பாதி சேர்த்தால் 13 வருகிறது. 12.5 ஈட்டினால் தவணை ஒழுங்காகக் கட்டப்படும்; குறை முழுவதும் சொந்தப் பணத்தின் பங்கில் விழும்.

இவ்வளவு சொல்லியும் அந்தப் பதினொரு லட்சம் சிறிய தொகைதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆண்டு வரவு வெறும் 2.33 லட்சம், மாதத்துக்குச் சுமார் 20,000 ரூபாய், கூடினால் கணக்கு சமனாகிவிடும். அந்த 20,000-ஐ எங்கிருந்தாவது எழுதிவிடலாம். கழிவு ரப்பர் விற்பனையைச் சற்று உயர்த்தினால் போதும். எந்த மதிப்பீடும் அவ்வளவு துல்லியமானது அல்ல என்பதும் உண்மை. அதனால்தான் எண்ணோடு நிறுத்தாமல், பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆண்டுக்கு 1.18 கோடி என்பது முதல் ஆண்டிலிருந்தே பிரஸ்கள் முழுத்திறனில் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. வாகனப் பாகம் வாங்குபவர்கள் புதிய இயந்திரத்தில் செய்த மாதிரியைச் சோதித்து ஒப்புதல் தந்த பிறகுதான் ஆர்டர் தருவார்கள். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். முதல் ஆண்டு வரவு மட்டும் பாதியானாலே மைனஸ் 11 லட்சம், மைனஸ் 63 லட்சம் ஆகிறது. எதிர்ப்பக்கம் இதற்கு ஈடான நல்ல செய்தி எதுவும் இல்லை, ஏனென்றால் முழுத்திறனுக்கு மேல் பிரஸ் ஓடாது. பள்ளம் ஆழமாகவும் மேடு குட்டையாகவும் இருக்கும்போது, "ஏறக்குறைய பூஜ்யம்" என்ற சொல் ஆளை ஏமாற்றும்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்துக்கு எழுதிய குறிப்பில், "சற்றே எதிர்மறை, இயக்குநர் குழு தன் விருப்பப்படி முடிவெடுக்கலாம்" என்று முடித்திருந்தேன். மரியாதை என்று நினைத்து எழுதிய வரி. அவர்கள் அதைச் சம்மதமாகப் படித்தார்கள். அதிலிருந்து "சற்றே" என்ற சொல்லைப் பரிந்துரை வரியில் சேர்ப்பதில்லை.

வரைபடத்துக்கும் மண் பரிசோதனைக்கும் ஏற்கெனவே 8 லட்சம் செலவழித்தாகிவிட்டது என்று மகன் நினைவூட்டினார். திட்டத்தை ஏற்றாலும் நிராகரித்தாலும் அது திரும்பப் போவதில்லை. ஆகவே என் கணக்கில் அது இல்லை.

குறிப்பின் கடைசிப் பத்தியில், எவை மாறினால் என் பரிந்துரையும் மாறும் என்று இரண்டு விஷயங்களை எழுதியிருந்தேன். ஒன்று, வாங்கும் நிறுவனம் பணத்தை முன்னதாகத் தர வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கப்பலூரில் சட்டத்தைக் காட்டி யார் வசூலிக்கிறார்கள் என்பது வேறு கதை. இரண்டு, வெளியில் வேறொருவரின் பிரஸ்ஸை வாடகைக்கு எடுத்தாவது மாதிரியைச் செய்து காட்டி, இத்தனை எண்ணிக்கை வாங்குகிறோம் என்ற எழுத்தைப் பெற வேண்டும். அதன் பிறகே இயந்திரத்துக்கு முன்பணம்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தார். அன்று திட்டம் நிராகரிக்கப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து மகன் போன் செய்தார். பணம் தரும் கெடுவில் 15 நாள் குறைக்க வாங்கும் நிறுவனம் சம்மதித்திருந்தது. வெளியே நிற்கும் பணத்தில் 20 லட்சம் குறைகிறது. அதனால் கணக்கில் 12 லட்சத்துக்குச் சற்று அதிகமான தொகை கூடுகிறது. "சார், இப்போது பிளஸ் ஒரு லட்சம் வருகிறது" என்றார். அவர் போட்ட கணக்கு சரிதான். ஆர்டர் எழுத்தில் வந்துவிட்டதா என்று கேட்டேன். பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். பழைய குறிப்பின் முதல் வரியை மாற்றாமல், தேதியை மட்டும் மாற்றி மறுபடி அனுப்பினேன்.