கேள்வி விளையாட்டு நேர்காணலாக மாறும் இடம்

முதல் சந்திப்புகளில் நெருக்கத்தை விரைவாக உண்டாக்குவதாகச் சொல்லப்படும் கேள்விப் பட்டியல்களில் மிகவும் பெயர்பெற்றது, அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட 36 கேள்விகள். 2015-இல் ஒரு நாளிதழ்க் கட்டுரை இதைக் காதல் மந்திரம் போலப் பரப்பியது. ஆனால் ஆரன் தேடியது காதலை அல்ல. அறிமுகமில்லாத இருவருக்கு இடையே நெருக்க உணர்வை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிப் பார்க்க ஒரு வழி அவருக்குத் தேவைப்பட்டது.

அந்த வழியின் அமைப்பு எளிமையானது. கேள்விகள் பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன; ஒவ்வொரு தொகுதிக்கும் 15 நிமிடம், ஆக மொத்தம் 45 நிமிடம். முதல் தொகுதியில், தொலைபேசியில் அழைப்பதற்கு முன் பேசப்போவதை ஒத்திகை பார்ப்பதுண்டா என்பது போன்ற, யாரையும் சங்கடப்படுத்தாத கேள்விகள் இருந்தன. மூன்றாம் தொகுதியை அடையும்போது, கடைசியாக மற்றொருவர் முன் அழுதது எப்போது என்று கேட்கும் அளவுக்கு அவை ஆழமாகியிருந்தன. ஒருவர் கேள்வியை உரக்கப் படிக்க, இருவருமே அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். பொதுவான அரட்டைக்குரிய கேள்விகளை அதே 45 நிமிடம் பேசிய இணைகளைவிட, இந்த இணைகள் தங்களுக்குள் அதிக நெருக்கம் இருப்பதாகச் சொன்னார்கள்.

பட்டியலைக் கையில் எடுப்பவர்கள் கேள்விகளைத்தான் கவனிக்கிறார்கள். வேலை செய்வது, என் பார்வையில், 'இருவரும்' என்ற அந்த விதி. ஒருவர் தம்மைப் பற்றிச் சிறிதளவு வெளிப்படுத்துகிறார். எதிரில் இருப்பவர் அதைக் கேட்டு, ஏறக்குறைய அதே அளவு தம்மையும் வெளிப்படுத்துகிறார். அந்தச் சமநிலை தரும் துணிவில் அடுத்த சுற்று ஓரடி ஆழமாகப் போகிறது. சூசன் ஸ்பிரெச்சரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. சில இணைகள் மாறிமாறிக் கேட்டும் சொல்லியும் பேசின. மற்ற இணைகளில் முதலில் ஒருவர் கேட்க மட்டும் செய்தார், மற்றவர் சொல்ல மட்டும் செய்தார். பிறகு அந்தப் பங்குகள் இடம் மாறின. இறுதியில் இருவரும் கேட்டுச் சொல்லி முடித்திருந்தபோதும், மாறிமாறிப் பேசிய இணைகளுக்கே ஒருவர் மேல் ஒருவருக்குப் பிடித்தம் அதிகமாக இருந்தது. உடனுக்குடன் திரும்பி வராத பதில், பின்னர் வந்தாலும் அந்த இடைவெளியை முழுவதும் நிரப்பவில்லை.

ஒரு காபிக் கடை மேசையைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் அந்தத் தொலைபேசிக் கேள்வியைக் கேட்கிறாள். "வங்கிக்குப் பேச வேண்டுமென்றால் தாளில் எழுதி வைத்துக்கொள்வேன், ஒருமுறை திக்கிவிட்டது, அதிலிருந்து இந்தப் பழக்கம்" என்கிறான் அவன். அவள் "ஓ, சரி" என்று தலையசைத்துவிட்டு, "உங்களுக்கு நிறைவான நாள் என்றால் எப்படி இருக்கும்?" என்று அடுத்ததற்குத் தாவினால், அவன் கொடுத்த சிறு கூச்சம் மேசையிலேயே கிடக்கிறது. இதே போல இரண்டு மூன்று சுற்றுகள் போனால், தன் விடைகள் எங்கோ மதிப்பிடப்படுகின்றன என்று அவனுக்குத் தோன்றத் தொடங்கும். சம்பளத்தையும் குடும்பத்தையும் வரிசையாக விசாரிக்கும் பெண் பார்க்கும் படலத்தில் பழகிய நமக்கு இந்த உணர்வை விளக்கத் தேவையில்லை.

மாறாக அவள், "திக்கியபோது மறுமுனையில் இருந்தவர் என்ன செய்தார்?" என்று கேட்டு, பிறகு தன் அம்மாவை அழைப்பதற்குக்கூடத் தான் மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பதைச் சொல்லியிருந்தால், பட்டியலில் அடுத்த கேள்விக்கு ஐந்து நிமிடம் கழித்துத்தான் போயிருப்பார்கள். கேரன் ஹுவாங்கும் சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலும் கேட்கும் இத்தகைய தொடர் கேள்விகளே பிடித்தத்தோடு மிகவும் தொடர்புடையவையாக இருந்தன. சில நிமிடங்களுக்கொருமுறை ஆள் மாறிச் சந்திக்கும் வேகச் சந்திப்பு நிகழ்வுகளின் உரையாடல்களிலும், தொடர் கேள்விகளை அதிகம் கேட்டவர்களுக்கு மறுசந்திப்புக்கான சம்மதம் அதிகம் கிடைத்தது. காரணம் கடினமானதல்ல: பட்டியலிலுள்ள கேள்வியை எவரிடமும் கேட்கலாம்; தொடர் கேள்வியை, சொன்னதைக் கவனித்தவரால் மட்டுமே கேட்க முடியும்.

நேர்காணலாகிவிட்டதை அறிய எதிரில் இருப்பவரின் பதில்களைக் கவனித்தால் போதும். அவை குட்டையாகின்றன, "நீங்கள்?" என்ற திருப்பிக் கேட்டல் நின்றுவிடுகிறது, முன்பே பலமுறை சொல்லிப் பழகிய கதைகள் வருகின்றன. அந்நிலையில் இன்னும் ஆழமான கேள்வியைப் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. அங்கே குறைவது ஆழம் அல்ல, கேட்டவரிடமிருந்து திரும்பி வர வேண்டிய பதில். ஆகவே கடைசியாகக் கேட்ட கேள்விக்குக் கேட்டவரும் முதலில் பதில் சொல்லிவிடுவது கூடுதல் பயன் தரும்.

ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு வசதி காபிக் கடையில் இல்லை: அங்கே இருவரும் இந்தப் பயிற்சிக்கு உடன்பட்டு வந்திருந்தார்கள், கேள்விகளைத் தேர்ந்தவர் மூன்றாம் ஆள். மேசையில் ஒருவர் மட்டும் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தால் அந்தச் சமநிலை தொடக்கத்திலேயே இல்லை. பட்டியலை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டால் அது திரும்புகிறது. மேலும், ஆரன் குழு அளந்தது அந்த 45 நிமிடத்தின் முடிவில் இருந்த நெருக்க உணர்வை. விசுவாசமோ பொறுப்புணர்வோ இந்த முறையால் உண்டாகும் என்று அவர்களே கருதவில்லை.