"ரிப்போர்ட்ல இருக்கு சார்" என்றால் மதிப்பெண் வராது

போன வாரம் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிவ்யூ. மழை வந்தால் மூழ்கிவிடும் நம்ம சென்னை சுரங்கப்பாதைகளில் நீர்மட்டத்தை அளந்து எச்சரிக்கும் கருவி. மூன்று பேர், பத்து நிமிடம். கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மதிப்பெண் தாளில் 'மாற்று வழிகளோடு ஒப்பிட்டுத் தேர்வை நியாயப்படுத்துதல்' என்ற வரிசையில் 15-க்கு 4தான் போட முடிந்தது.

"சார், அது ரிப்போர்ட்ல அஞ்சாவது அத்தியாயத்துல இருக்கே!" என்று கண்கலங்கினாள் ஒரு மாணவி. இருந்தது. மிதவை சுவிட்சையும் அல்ட்ராசோனிக் சென்சாரையும் ஒரே தொட்டியில் வைத்துச் சோதித்திருந்தார்கள். மிதவையில் குப்பை சிக்கினால் அசையாது. அதோடு, தண்ணீர் குறிப்பிட்ட உயரத்தைத் தொட்டதா என்று மட்டுமே சொல்லும். சென்சார், தண்ணீர் ஏற ஏற அளவு காட்டும், ஆனால் மிதக்கும் குப்பையையும் நீர்மட்டமாக எடுத்துக்கொள்ளும். அருமையான ஒப்பீடு. திரையில் ஒரு வரிகூட வரவில்லை. இந்தப் பருவத்தில் இப்படி நான்காவது குழு இது.

ப்ராஜெக்ட் நன்றாக இருந்தால் மார்க் தானாக வரும் என்று நினைக்காதீர்கள். எங்கள் கையில் இருப்பது ரூப்ரிக் என்ற அந்த மதிப்பெண் தாள், அதில் ஆறு வரிசை. நீங்கள் பேசப் பேச, பேனா வரிசை வரிசையாக இறங்குகிறது. பார்த்ததற்குத்தான் போட முடியும். "செய்திருப்பார்கள்" என்று ஊகித்துப் போட்டால், செய்ததைக் காட்டிய அடுத்த குழுவுக்கு அது அநியாயம்.

அந்தக் குழுவின் 18 ஸ்லைடுகளில் முதல் ஐந்து 'ஐஓடி என்றால் என்ன' என்பதற்கே போயின. பிரச்சினை விளக்கத்துக்கு மொத்தமே 10 மதிப்பெண்! மறுநாள் அவர்களை உட்காரவைத்து, ரூப்ரிக்கின் ஒவ்வொரு வரிசைக்கும் நேரே ஸ்லைடு எண்ணை எழுதச் சொன்னேன். ஒப்பீட்டுக்கும் தனிநபர் பங்களிப்புக்கும் எண்ணே இல்லை. ஏழு ஸ்லைடுகள் எந்த வரிசையிலும் சேரவில்லை. தவறு எங்கே என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அந்த ஏழையும் தூக்கினோம். 100 மதிப்பெண், பத்து நிமிடம் என்றால் 15 மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். ஒப்பீட்டுக்கு அதைக் கொடுத்தோம். ஸ்லைடின் தலைப்பில் ரூப்ரிக்கின் சொல்லையே வைத்தோம்: 'ஒப்பீடு: மிதவையா, சென்சாரா?' பேனா தேடுவது அந்தச் சொல்லைத்தான்.

முழு மதிப்பெண் கட்டத்தின் வினைச்சொல்லைத் தயவுசெய்து படியுங்கள். 'பட்டியலிடுதல்' வேறு, 'நியாயப்படுத்துதல்' வேறு. இரண்டு கருவிகளின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அது பட்டியல். "குப்பையால் தவறான அளவு வந்தாலும், படிப்படியாக எச்சரிக்க வேண்டியிருப்பதால் சென்சாரை எடுத்தோம்" என்றால்தான் நியாயம்.

தெளிவாகப் பேசுவது, கேள்விக்குப் பதில் சொல்வது ஆகியவற்றுக்கு ஸ்லைடு போட வேண்டாம். ஆனால் தனிநபர் பங்களிப்பு என்று ஒரு வரிசை இருந்தால், ஒருவரே பத்து நிமிடமும் பேசாதீர்கள். சென்சாரைப் பொருத்தியவர் சென்சாரைப் பற்றிப் பேசட்டும்.

ரூப்ரிக் தாள் கையில் இல்லையா? ஸ்லைடு செய்ய உட்காரும் முன்பே கைடிடம் கேட்டு வாங்குங்கள், ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி வேண்டாம்.