"ஒரு தடவை ஃப்ளூ வந்துட்டுப் போகட்டும் டாக்டர்"

மழைக்காலம் தொடங்கினால் இந்த வசனத்தைக் கேட்காத வாரமே இல்லை. குழந்தைக்கு ஒருமுறை ஃப்ளூ வந்துவிட்டால் உடம்பு பழகிவிடும், பிறகு ஊசி தேவையில்லை என்று நம்புகிறார்கள். இதில் பாதி உண்மை. ஆபத்தும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

முதலில் சந்தித்த ஃப்ளூ வைரஸை உடம்பு ஆயுள் முழுக்க நினைவில் வைத்திருக்கும். ஆனால் அந்த நினைவு அந்த வைரஸுக்கும் அதன் பங்காளிகளுக்கும் மட்டும்தான். வைரஸின் மேல் உள்ள 'எச்' புரதம் காளான் போன்றது. குடைப்பகுதி அடிக்கடி மாறும், தண்டு அவ்வளவாக மாறாது. இந்தப் புரதத்தின் வகைகளில் எச்1, எச்2, எச்5 மூன்றுக்கும் தண்டு ஒரே ஜாடை, அதனால் அவை பங்காளிகள். எச்3, எச்7 இரண்டுக்கும் வேறு ஜாடை.

1957 முதல் 1968 வரை மனிதர்களிடையே சுற்றிய ஏ வகை ஃப்ளூ எச்2என்2 மட்டுமே. 1968-இல் எச்3என்2 வந்து அதை ஓரங்கட்டியது. 1960-இல் பிறந்தவரின் முதல் ஃப்ளூ பெரும்பாலும் எச்2. 1970-இல் பிறந்தவருக்கு எச்3. பறவைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் எச்5என்1 கடுமையாகத் தாக்கியவர்களில் பெரும்பாலோர் 1968-க்குப் பின் பிறந்தவர்கள். 2013-இல் சீனாவில் தலைகாட்டிய எச்7என்9-இல் கதை தலைகீழ்: அதிகம் அடிபட்டவர்கள் 1968-க்கு முன் பிறந்தவர்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் ஃப்ளூவும் பறவை வைரஸும் ஒரே ஜாடையாக இருந்தால் நோய் கடுமையாவதற்கு எதிராக சுமார் 75 சதவீதப் பாதுகாப்பு கிடைப்பதாக மதிப்பிட்டது. நோய் வராது என்று அதற்குப் பொருளில்லை.

பழைய நினைவு ஏமாற்றவும் செய்யும். 1977-இல் எச்1என்1 திரும்பி வந்தது. அப்போது சிறுவர்களாக இருந்த பலரின் எதிர்ப்பாற்றல், 2009-இன் எச்1என்1-ஐப் பார்த்ததும் பழக்கமான ஒரே இடத்தைத்தான் குறிவைத்தது. 2013–14 பருவத்தில் வைரஸ் அந்த இடத்தை மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் அந்த ஆண்டு நடுத்தர வயதுக்காரர்கள் நிறையப் பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

ஆக, வேண்டுமென்றே நோயை வரவிட்டால் அந்த ஆண்டு எது சுற்றுகிறதோ அந்த ஒன்றுதான் கிடைக்கும், கூடவே நிமோனியா அபாயமும். ஊசியில் எச்1என்1, எச்3என்2 இரண்டும் பி வகையும் இருக்கின்றன.

ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையிலான குழந்தைக்கு முதல் ஆண்டில் இரண்டு தவணை, நான்கு வார இடைவெளியில். முதல் தவணை அறிமுகம் மட்டுமே. இரண்டாவதைப் போடாமல் விட்டுவிட்டு "ஊசி போட்டும் காய்ச்சல் வந்துச்சே" என்று சண்டைக்கு வராதீர்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்று. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஊசி கிடையாது. கர்ப்பத்தில் தாய் போட்டுக்கொள்வதுதான் அதற்குக் கவசம்.

காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மூச்சு வேகமானாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான மருந்தான ஓசெல்டாமிவிரை, அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும்.