‘உலகத்தரம்’ பனியன் எத்தனை சென்டிமீட்டர் சுருங்கும்?

திருப்பூரில் கடைகளுக்கும் சின்ன யூனிட்டுகளுக்கும் விளம்பர வாசகம் எழுதுவது என் தொழில். நோட்டீஸ், ஃபிளெக்ஸ், பனியனோடு கட்டித் தொங்கவிடும் அட்டை, வாட்ஸாப்பில் அனுப்புகிற நாலு வரி எல்லாம் அதில் அடக்கம். போன வருடம் ஒரு யூனிட் உரிமையாளர் வந்தார். பல வருடம் ஜாப் ஒர்க் செய்துவிட்டு, இப்போது சொந்த லேபிளில் ஆண்களுக்கான டி-ஷர்ட் விற்க ஆரம்பித்திருந்தார். கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தது இது:

“உலகத்தரம் வாய்ந்த, எக்ஸ்போர்ட் குவாலிட்டி, சூப்பர் சாஃப்ட், நம்பர் ஒன் பனியன்! 100% தரம்! ஒருமுறை வாங்கினால் விடமாட்டீர்கள்!”

நான் பேனாவை அவரிடமே கொடுத்து, “பக்கத்து யூனிட்காரர் அவர் அட்டையிலும் போட்டுக்கொள்ள முடிகிற வார்த்தைகளை மட்டும் அடிச்சுருங்கண்ணா” என்றேன். அடித்து முடித்தபோது ‘பனியன்’ மட்டும் மிச்சம். பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் ஒரு சுற்று வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே எக்ஸ்போர்ட் குவாலிட்டி இல்லாத துணியே கிடையாது! படிக்கிறவர் அந்த வார்த்தையைப் பொய் என்றுகூட நினைப்பதில்லை. கண்ணில் படாமலே தாண்டிப் போய்விடுகிறார்.

“சரிங்க, உங்க துணி நல்லா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“கெட்டியா இருக்குமுங்க. துவைச்சாலும் அவ்வளவா சுருங்காது. காம்பாக்டிங் மெஷின்ல துணியை முன்னாடியே சுருக்கித்தான் வெட்டறோம்.”

நமக்கு வேண்டியது இந்த மூன்று வாக்கியம்தான். எவ்வளவு கெட்டி, ‘அவ்வளவா’ என்றால் எவ்வளவு என்று அளப்பதுதான் பாக்கி.

கெட்டியை அளக்க எல்லா யூனிட்டிலும் ஜிஎஸ்எம் கட்டர் இருக்கும். துணியின் மேல் வைத்து அழுத்தித் திருப்பினால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி வரும். அதன் எடையை 100-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று கிடைக்கும். ஐந்து இடத்தில் வெட்டினோம். 1.78, 1.82, 1.74, 1.80, 1.76 கிராம். சராசரி 178 ஜிஎஸ்எம். அவர் உடனே, “180+ என்று போட்டுக்கலாமுங்க” என்றார். கூடாது என்றேன். ஐந்தில் குறைந்தது 174. மழைநாளில் பருத்தி ஈரம் இழுத்து எடை கூடும், வெயில் காலத்தில் குறையும். அதனால் ‘170-க்குக் குறையாது’ என்று வைத்தோம். சராசரியைப் போட்டால் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கையில் அதைவிடக் குறைந்த துணிதான் இருக்கும்.

ஆனால் ஜிஎஸ்எம் என்றால் தாராபுரத்தில் கடைக்கு வருகிறவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் புரியாத எண்ணும் ‘உலகத்தரம்’ போல இன்னொரு அலங்காரம்தான். அதனால் தைத்து முடித்த எல் சைஸ் பனியனையே தராசில் வைத்தோம். சுமார் 170 கிராம். இதை யாரும் மளிகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் தானே சரிபார்க்க முடிகிற எண்ணுக்குத்தான் மதிப்பு என்பது என் அனுபவம். ‘99.7% திருப்தி’ மாதிரி எண்களை நான் தொடுவதே இல்லை. யாரைக் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

சுருக்கத்துக்கு ஆறு பனியன் எடுத்தோம். எல்லாம் எல் சைஸ், மூன்று நிறம். தோளிலிருந்து கீழ் மடிப்பு வரை 71 செ.மீ. வீட்டு மெஷினில் ஐந்து முறை துவைத்து, கொடியில் காயவைத்து, மேஜையில் விரித்து இழுக்காமல் டேப் பிடித்தோம். இழுத்துப் பிடித்தால் ஒரு சென்டிமீட்டர் சுலபமாகக் கூடிவிடும், அங்கேதான் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். ஐந்து பனியன் 69-ல் நின்றன, ஒன்று 68. மார்பு அகலத்தில் அரை சென்டிமீட்டர்தான் குறைந்தது. முக்கால்வாசிச் சுருக்கம் முதல் துவைப்பிலேயே வந்துவிட்டது.

நான் எழுதிக் கொடுத்தது: “எல் சைஸ், நீளம் 71 செ.மீ. ஐந்து முறை துவைத்துப் பார்த்தோம். 2 முதல் 3 செ.மீ. நீளம் குறையும், அதற்கு மேல் குறையவில்லை. காம்பாக்டிங் செய்த பிறகே வெட்டிய துணி, 170 ஜிஎஸ்எம்முக்குக் குறையாது. பனியன் எடை சுமார் 170 கிராம். உங்களிடம் நன்றாகப் பொருந்துகிற பனியனை அளந்து பார்த்துவிட்டு சைஸ் சொல்லுங்கள்.”

படித்தவர் முகம் மாறிவிட்டது. “சுருங்கும்னு நாமளே சொல்றதாங்கண்ணா? அதுவும் காம்பாக்டிங் எல்லாரும் பண்றதுதானுங்களே, அதை என்னத்தப் போய்ச் சொல்றது?”

இரண்டாவது கேள்விக்கு விளம்பர உலகில் ஒரு பழைய பதில் உண்டு. நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்காவில் பீர் கம்பெனிகள் எல்லாம் ‘தூய்மை’ என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தன. ஷ்லிட்ஸ் என்ற கம்பெனிக்கு எழுதிய கிளாட் ஹாப்கின்ஸ் ஆலைக்குள் போய்ப் பார்த்தார். பாட்டிலை எப்படிக் கழுவுகிறார்கள், தண்ணீருக்கு எவ்வளவு ஆழக் கிணறு என்பதை அப்படியே விளம்பரத்தில் எழுதினார். மற்ற ஆலைகளும் அதையேதான் செய்தன. ஆனால் சொன்னது இவர் மட்டும்தான்.

முதல் கேள்விக்கு என் சொந்தத் தவறுதான் பதில். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு போர்வைக் கடைக்கு ‘சாயம் போகவே போகாது’ என்று எழுதினேன், சோதித்துப் பார்க்காமல். இரண்டே வாரத்தில் ஒரு அம்மா, ரோஸ் நிறமாகிவிட்ட வெள்ளை வேட்டியோடு கடைக்கு வந்து நின்றார். கடைக்காரர் வேட்டிக்குப் பணம் கொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை. ‘மிகச்சிறந்தது’ என்பது வெறும் பெருமை, யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ‘சுருங்கவே சுருங்காது’ என்பது அளந்து பார்க்க முடிகிற வாக்குறுதி. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சின்ன யூனிட்டுக்கு அவ்வளவு தூரம் வருமா என்று சிரித்தார். வரும் வராது என்பது வேறு, எழுதாமல் இருப்பது சுலபம் என்றேன்.

அட்டை அச்சாகிப் போனது. விற்பனை கூடியதா என்று கேட்பீர்கள். கூடியது, ஆனால் அது தீபாவளி மாதம், அட்டையால்தான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. உறுதியாகத் தெரிந்தது அவருக்கு வருகிற ஃபோன் கால்கள் மாறியதுதான். முன்பு “சுருங்குமா, சாயம் போகுமா, குறைச்சுக் கொடுப்பீங்களா” என்று கேட்டவர்கள், இப்போது “என் பனியன் 70 இருக்குதுங்க, எல் எடுத்தா துவைச்ச பிறகு பத்துமா, எக்ஸ்எல் எடுக்கட்டுமா?” என்று கேட்டார்கள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. ‘உலகத்தரம்’ என்ற அட்டையை ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளலாம். எண் போட்ட அட்டைக்கு ஒவ்வொரு லாட்டுக்கும் மறுபடி கட்டரும் டேப்பும் எடுக்க வேண்டும். நூல் மாறினாலும் டையிங் மாறினாலும் கணக்கு மாறும். மாசியில் அவரே ஃபோன் பண்ணினார்.

“புது லாட் வந்திருக்குதுங்கண்ணா. அஞ்சு இடத்துல வெட்டிப் பார்த்தேன், 166-தான் வருது. பழைய அட்டை எண்ணூறு மிச்சம் இருக்குது.”

“என்ன பண்ணப் போறீங்க?”

“அதை எடுத்து உள்ளே வெச்சுட்டேன். 160-ன்னு புதுசு எழுதிக் குடுங்க. பனியன் எடையும் இன்னொருக்கா போட்டுப் பார்த்துட்டேன், 158 கிராம்.”